தூரத்திலிருந்து புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றிக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேமிலி குரூப்ல எல்லாருக்கும் ஒரு நன்றி போட்டாச்சு. வெளியூர்க்காரங்களுக்கு மறுபடியும் தனியா எழுதணுமா?

எழுத வேண்டும். நம் வேலூர், காட்பாடிப் பக்கத்தில் புதுமனை புகுவிழா பெரும்பாலும் பிரம்ம முகூர்த்தத்தில் நடக்கிறது. விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் பசுவும் கன்றும் உள்ளே வந்து, பால் காய்ச்சி முடிந்துவிடும். சத்துவாச்சாரியில் இருப்பவரும் விருதம்பட்டில் இருப்பவரும் வீட்டிலேயே குளித்துவிட்டு டிபனுக்கு வந்தால் போதும். திருநெல்வேலியிலிருந்தோ மும்பையிலிருந்தோ வருபவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் முதல் நாளே கிளம்பி, சாயங்காலம் வாஸ்து பூஜைக்கு வந்து சேர்ந்து, பெயின்ட் வாசனை போகாத அறையில் பாய் போட்டுப் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து வெந்நீருக்கு வரிசையில் நின்றிருப்பார். "வருகை தந்து சிறப்பித்த அனைத்து நல் உள்ளங்களுக்கும்" என்கிற வரி இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது.

யார் தூரம் என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ராத்திரிப் பயணம் செய்தவர், ஒரு ராத்திரி தங்கியவர், வீட்டில் நோயாளியை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தவர், முட்டி வலியோடு வண்டி மாறி வந்தவர், இவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர் வந்த விழாவிலும் இந்தக் கணக்கு இருபது வீட்டைத் தாண்டுவது அபூர்வம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பாதி எழுதிவிடலாம்.

யார் எந்த வண்டியில வந்தாங்க, எப்போ கிளம்பினாங்கன்னே எனக்குத் தெரியாது. ஓமத்துக்கு முன்னாடி உட்கார வெச்சுட்டாங்க. நான் என்னத்தை எழுத?

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போவது சகஜம்தான். மொய் நோட்டை எடுங்கள். அதில் ஊர், பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். மொய் எழுத உட்கார்ந்தவர் பெரும்பாலும் மச்சானாகவோ சித்தப்பா பையனாகவோ இருப்பார். அவரையும், வாசலில் சந்தனம் குங்குமம் கொடுத்தவரையும், பந்தி பார்த்தவரையும் ஒரு சாயங்காலம் உட்கார வைத்து, நோட்டை வாசித்துக்கொண்டே போங்கள். "இவங்க கைக்குழந்தையோட வந்தாங்க." "இவரு சாப்பிடாமலே கிளம்பிட்டாரு, மூணு மணிக்கு வண்டின்னாரு." "அந்தப் பாட்டி ராத்திரி முழுக்க இருமிக்கிட்டே இருந்தாங்க." இந்த மாதிரித் துணுக்குகளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். அதற்குமேல் போனால் அவர்களுக்கும் மறந்துவிடும்.

அடுத்து, அவர் வந்த வழியை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோயம்புத்தூர், சேலம், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்குக் காட்பாடி சந்திப்பு இருக்கிறது. ஒரே வண்டியில் வந்து இறங்கலாம். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்தவர் நிலைமை வேறு. அங்கிருந்து சென்னைக்குப் போகும் ரயில்களில் பெரும்பாலானவை விழுப்புரம், செங்கல்பட்டு வழியாகப் போய்விடும், காட்பாடியைத் தொடாது. அவர் விழுப்புரத்தில் அகால வேளையில் இறங்கி, திருவண்ணாமலை, போளூர் வழியாகப் பேருந்தில் வந்திருப்பார். இது தெரியாமல் "ரயிலில் சௌகரியமாக வந்திருப்பீர்கள்" என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். உறுதியாகத் தெரியாவிட்டால் போனில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். "எப்படி வந்தீங்க, வண்டி மாறினீங்களா?" என்று விசாரித்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பொதுவா சொல்றதைவிட, ஒரு கடிதம் முழுசா எழுதிக் காட்டுங்களேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காட்பாடியில் வீடு கட்டிய மகன் எழுதுகிறான். அப்பா இல்லை. அப்பாவின் தம்பி ரயில்வே வேலையில் திருநெல்வேலிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். எழுபது வயதைத் தாண்டியவர். சித்தியோடு வந்தார். மாடி அறை வேலை முடியாததால் அவர்களை லாட்ஜில் தங்க வைக்க வேண்டியதாகிவிட்டது. இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டும் பலர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் இல்லப் புதுமனை புகுவிழாவிற்குத் தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, குடும்பத்துடன் வருகை தந்து எங்களை வாழ்த்திய தங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

பிழை ஒன்றுமில்லை. ஆனால் சித்தப்பாவின் பெயரை எடுத்துவிட்டுப் பால்காரர் பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். அதே மகன் இப்படி எழுதலாம்:

"அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்ததைத் தம்பி போன்ல சொன்னான். சித்திக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா?

ராத்திரி முழுக்க ரயில்ல வந்து, விடியறதுக்கு முன்னாடி விழுப்புரத்துல இறங்கி, அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தீங்கன்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு வாசல்ல 'வாங்க சித்தப்பா'ன்னு சொல்லிட்டு ஐயர் கூப்பிட்டாருன்னு உள்ள ஓடிட்டேன். ஒரு வாய் காபி குடிச்சீங்களான்னு கூடக் கேட்கலை.

காலையில பால் பொங்கினப்போ அப்பா நிற்க வேண்டிய இடத்துல நீங்க நின்னீங்க. அம்மா அதை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. நீங்க வரலைன்னா அன்னைக்கு அம்மா அடுப்புப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க.

சித்தி கொண்டுவந்த கருப்பட்டியிலதான் சாயங்காலக் காபி ஓடுது. பாதியைத் தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

மாடி அறை முடிஞ்சிருச்சு, ஃபேனும் மாட்டியாச்சு. ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னாடியே வந்து மாடியில தங்குங்க. ரத்தினகிரி போயிட்டு வரலாம். ரெண்டு பஸ் எல்லாம் மாற வேண்டாம், விழுப்புரத்துக்கே நான் வண்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன்.

உங்கள் பிள்ளை"

இதில் நடந்ததைப் பாருங்கள். உடம்பு விசாரிப்பில் தொடங்குகிறது, ஏனென்றால் வயதானவர் பயணம் போய் வந்த பிறகு வீட்டில் அதுதான் பேச்சாக இருக்கும். பிறகு வந்த வழி. அதற்குப் பிறகுதான் முக்கியமானது: அவர் அங்கே இருந்ததால் என்ன நடந்தது. கடிதத்தின் உயிர் அந்த இரண்டு வரிதான். அது கிடைக்காமல் பேனாவை எடுக்க வேண்டாம். "நீங்கள் வந்தது மகிழ்ச்சி" என்பது அந்த இடத்தை நிரப்பாது. பந்தியில் வாளி தூக்கினார், மாடு படி ஏற மறுத்தபோது கன்றை முன்னால் இழுத்துப் போனார், அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார், இந்த மாதிரி ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருக்கும்.

லாட்ஜில் தங்க வைத்த உறுத்தலுக்குத் தனியாக ஒரு மன்னிப்புப் பத்தி எழுதாமல், அடுத்த முறை எங்கே தங்குவார்கள் என்பதில் அது தீர்ந்துவிடுகிறது. அழைப்புக்கும் ஒரு நாள் இருக்கிறது, வண்டி இருக்கிறது. "நேரம் கிடைக்கும்போது வாங்க" என்று முடிக்கிற கடிதங்கள் நிறையப் பார்க்கலாம். அதைப் படித்து யாரும் டிக்கெட் போட்டதில்லை. ஆனால் விழுப்புரத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுதினால் போய்த்தான் ஆக வேண்டும். முடியாது என்றால் காட்பாடி பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் வீட்டைப் பற்றி எதுவும் இல்லை, மாடி அறையைத் தவிர. தேக்கு வாசக்கால், டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாவற்றையும் அவர் நேரில் பார்த்துவிட்டார்.

எங்க மாமாவுக்கு நன்றின்னு எழுதினா, "என்னை வேத்து ஆளாக்கிட்டியா"ன்னு கோச்சுக்குவாரே?

நெருங்கிய சொந்தத்தில் இது உண்மையான சிக்கல்தான். தாய்மாமா சீர்த்தட்டோடு வருவதைத் தன் கடமை என்று நினைக்கிறார்; அதற்கு நன்றி சொன்னால் கடனைத் தீர்த்துவிட்ட மாதிரித் தெரிகிறது அவருக்கு. மேலே உள்ள சித்தப்பா கடிதத்தைத் திரும்பப் படியுங்கள், நன்றி என்று ஓரிடத்திலும் இல்லை. அவர் செய்ததை அவருக்கே எடுத்துச் சொன்னால் போதும்.

அலுவலக நண்பர், அப்பாவின் பழைய மேலாளர், சம்பந்தி வீட்டார் இவர்களுக்கு மட்டும் நன்றியை வெளிப்படையாக ஒருமுறை எழுதுங்கள். சம்பந்தி வீட்டுக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். அங்கே கடிதம் பலர் கைக்குப் போகும். உங்கள் வீட்டு மருமகளைப் பற்றி ஒரு நல்ல வரி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மொய் எவ்வளவு வெச்சாங்க, சீர் என்ன கொண்டுவந்தாங்கன்னு குறிப்பிடலாமா?

தொகையை எழுதவே கூடாது. அது நோட்டில் இருக்கிறது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பப் போய்விடும். அந்தக் கணக்கும் இந்தக் கடிதமும் சந்திக்க வேண்டியதில்லை.

பொருளாகக் கொடுத்திருந்தால் அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எழுதலாம். "நீங்க கொடுத்த குத்துவிளக்கைத்தான் வெள்ளிக்கிழமை ஏத்தினோம்" என்றால் போதும். சுவர்க் கடிகாரம் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. எந்தப் புதுமனை புகுவிழாவிலும் நாலைந்து கடிகாரம் வந்துவிடும். நாலு பேருக்கும் "கூடத்தில் மாட்டியிருக்கிறோம்" என்று எழுதிவிட்டால், பொங்கலுக்கு அவர்கள் ஒன்றாக வந்து நிற்கும்போது கூடத்துச் சுவரில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெங்களூர்ல இருந்து வந்தவங்க டிபனுக்கு உட்கார்ந்தப்போ இட்லி தீர்ந்துபோச்சு. வெறும் கேசரியும் காபியும்தான். இதை எழுதறதா, மறைக்கறதா?

எழுதுங்கள், ஒரே வாக்கியத்தில். ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்து பசியோடு உட்கார்ந்தவருக்கு அது மறக்கப் போவதில்லை. நீங்கள் சொல்லாமல் விட்டால், நீங்கள் கவனிக்கவே இல்லை என்றுதான் அர்த்தமாகும்.

"அவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு வயிறார டிபன் போட முடியலை, அது எனக்கு இன்னும் உறுத்துது" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுங்கள். சமையல்காரர் ஏமாற்றிவிட்டார், எதிர்பார்த்ததைவிட நூறு பேர் அதிகம் வந்துவிட்டார்கள் என்று நீட்டினால், வந்தவர்களைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும். அந்த நூறு பேரில் அவரும் ஒருவர். "ஏதாவது குறை இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்கிற வழக்கமான வரியும் இந்த இடத்தில் வேண்டாம். குறை இருந்தது, அது என்ன என்று இருவருக்கும் தெரியும். குரூப்பில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்ன மற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கோலார் தங்கவயல்ல பெரியப்பா வீடு. பிள்ளைங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எப்படி எழுதறது?

வட ஆர்க்காட்டில் இந்தக் கேள்வி நிறைய வீட்டில் இருக்கிறது. சுரங்க வேலைக்கு இங்கிருந்து போன குடும்பங்கள் பல. 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் பலர் அங்கேயே இருந்துகொண்டு தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் வருகிறார்கள். அப்படிப்பட்டவர் நம் விழாவுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளமும் போயிருக்கும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

பெரியப்பாவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் யாராவது அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்து எழுதுங்கள். சின்ன வாக்கியம், பேச்சு நடை. படிப்பதற்கே ஆள் இல்லாவிட்டால் குரல் பதிவாக அனுப்பிவிடலாம். குரல் பதிவிலும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு பிறகு பேசுங்கள், இல்லையென்றால் "அப்புறம்... அப்புறம்..." என்று ஐந்து நிமிஷம் ஓடிவிடும். ஒன்றரை நிமிஷம் போதும். பிள்ளைகளுக்கு ஒரு வரியைத் தனியாக, அவர்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். இந்த உறவு அடுத்த தலைமுறைக்கு அந்தப் பிள்ளைகள் வழியாகத்தான் போகும். அவர்களுக்குக் காட்பாடி என்றால் பாட்டி சொன்ன ஊர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அத்தை மும்பையில இருந்து தனியா வந்தாங்க. மாமா போயிட்டதால பூஜை முடியற வரைக்கும் பின்கட்டுலயே இருந்துட்டாங்க. அவங்களுக்கு என்ன எழுதறதுன்னு கை ஓடலை.

அவர் பெயருக்கே, தனிக் கடிதமாக எழுதுங்கள். மகன் பெயரைப் போட்டு "மற்றும் குடும்பத்தினர்" என்று சேர்த்துவிடாதீர்கள். முன்னால் வந்து நில்லுங்கள் என்று அன்று யாராவது கையைப் பிடித்து அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை. அதைக் கடிதத்தில் கிளறினால் அவருக்கு இன்னொரு முறை வலிக்கும். அவர் பின்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெற்றிலை மடித்திருப்பார், தாம்பூலப் பையில் தேங்காய் போட்டிருப்பார், அடுப்பைப் பார்த்திருப்பார். அதை எழுதுங்கள்.

அடுத்த விசேஷத்தில் அவர் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை இப்போதே கேட்டுவிடுங்கள். "பாப்பாவுக்குக் காது குத்தறப்போ நீங்கதான் மடியில வெச்சுக்கணும் அத்தை." வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டு அன்று பின்வாங்கினால், எழுதாமல் இருந்ததைவிட மோசம்.

யார் பேர்ல அனுப்பணும்? வீடு எங்க பேர்ல, பத்திரிகை அப்பா பேர்ல.

அவர் யாருக்காக வந்தாரோ அவர் எழுத வேண்டும். அப்பாவின் நண்பருக்கு அப்பா, மனைவியின் சித்திக்கு மனைவி. அப்பாவுக்குக் கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, கையெழுத்தை மட்டும் அவரைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் நண்பர் கடிதத்தை எடுத்து வைப்பார்.

அச்சடிச்ச நன்றி அட்டை எப்படி?

தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நன்றாக இருக்கும். விழாவுக்கு முன்னாலேயே அச்சடிப்பதால் யார் எப்படி வந்தார் என்பது அதில் இருக்க வாய்ப்பில்லை. ஏற்கனவே அடித்துவிட்டீர்கள் என்றால், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அங்கே கையால் எழுதுங்கள்.

விழா முடிஞ்சு ஒரு மாசம் ஆயிடுச்சு. இனிமே அனுப்பினா அசிங்கமா இருக்காதா?

ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று அன்றோ மறுநாளோ போனில் கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லை என்றால், கடிதத்துக்கு முன் அந்த போனைப் போடுங்கள். கடிதம் பத்து நாளைக்குள் போனால் நல்லது. ஒரு மாதம் ஆனாலும் அனுப்பலாம். தாமதத்துக்குக் காரணம் அடுக்கி முதல் பத்தியை வீணாக்காமல் இருந்தால் சரி.

தாமதமானால் கைகொடுப்பது போட்டோதான். ஆல்பம் வர எப்படியும் ஒரு மாதம் ஆகும். வாசலில் எல்லோரும் நிற்கிற படம் வேண்டாம், அவர் முகம் தெரிகிற ஒன்றைத் தேடி எடுங்கள். பால் பாத்திரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிற படமாக இருந்தாலும் பரவாயில்லை. அஞ்சலட்டை அளவில் ஒரு பிரதி போட்டு, பின்னால் தேதியும் ஊரும் எழுதி, கடிதத்தோடு உறையில் வையுங்கள். ஒரு தாளும் ஒரு படமும் சாதாரணமாக 20 கிராமுக்குள் அடங்கும். உள்நாட்டுக்கு 5 ரூபாய் தபால்தலை போதும். படம் மடங்காமல் இருக்க அட்டை வைத்தால் எடை கூடும், அப்போது அஞ்சலகத்தில் நிறுத்துப் பார்த்துத் தலை ஒட்டுங்கள். தலை போதாமல் போனால் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள்.

வர முடியாதவங்க, ஆனா யார்கிட்டயாவது மொய் கொடுத்து அனுப்பினவங்களுக்கு?

போன் போதும். எடுத்துக்கொண்டு வந்தவர் பெயரையும் சொல்லிவிடுங்கள், "அண்ணன் கொண்டுவந்து கொடுத்துட்டாரு, நோட்ல எழுதியாச்சு" என்று. கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.